இரண்டு நிமிடப் பேச்சு: வேகத்தில் சொல்வதா, நிமிடத்தில் சொல்வதா, ஓடியே காட்டுவதா?

சேலத்தில் எங்கள் குடியிருப்புச் சங்கம் சென்ற ஆண்டு 5 கிலோமீட்டர் ஃபன் ரன் ஒன்றை நடத்தியது. ஓடினவர்கள் அரை மணி நேரத்துக்குள் வந்து, இட்லி தின்று, போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். எல்லாம் முடிந்தது என்று நினைத்த பொறுப்பாளர்கள் தண்ணீர் மேசையை மடக்கி வண்டியில் ஏற்றிவிட்டார்கள். நடந்து போன முப்பது நாற்பது பேர் அப்போதுதான் பாதி தூரம் தாண்டி வந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் நானும் ஒருவன். அன்றைக்கு என் வாயிலிருந்து வந்ததை இங்கே எழுத முடியாது.

இந்த ஆண்டு செயலாளர் என்னிடமே வந்தார். "சார், நீங்க கணக்கு வாத்தியார். கிளம்பறதுக்கு முன்னாடி ரெண்டே நிமிஷம் பேசுங்க. நடக்கறவங்க, ஜாகிங் போறவங்க, ஓடறவங்க, மூணு பேரும் எப்ப எப்ப வருவாங்கன்னு எல்லாருக்கும் புரியணும். தண்ணி கொடுக்கற பசங்களுக்கும் சேர்த்துதான்."

தூரம் ஒன்று, நேரம் மூன்று. இதைச் சொல்ல எனக்கு மூன்று வழிகள் தோன்றின. மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வேகத்தில் சொல்லலாம். கிலோமீட்டருக்கு இத்தனை நிமிடம் என்று சொல்லலாம். பேச்சைக் குறைத்துக்கொண்டு மூன்று பேரை நிற்க வைத்து நடந்தும் ஓடியும் காட்டச் சொல்லலாம். நான் எடுத்தது இரண்டாவது வழி. ஆனால் முதல் நாள் சாயங்காலம்வரை மூன்றாவதைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

மூன்றுக்கும் ஒரே எண்களை வைத்துக்கொண்டேன். நடப்பவர் மணிக்கு 5 கிலோமீட்டர், ஜாகிங் போகிறவர் ஏழரை, ஓடுகிறவர் 12. இவை சாதாரண ஆட்களின் எண்கள். நடைக்கும் ஓட்டத்துக்கும் நடுவே கோடு உண்டு: நடக்கும்போது ஏதாவது ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கும், ஓடும்போது இரண்டும் ஒரு கணம் அந்தரத்தில் இருக்கும். ஜாகிங்குக்கும் ஓட்டத்துக்கும் அப்படி ஒரு கோடு கிடையாது. பேச்சு மூச்சு வாங்காமல் வந்தால் ஜாகிங் என்று நான் வைத்துக்கொண்டேன். யாராவது சண்டைக்கு வந்தால் விட்டுக்கொடுக்கத் தயார்.

முதலில் ஓடிக் காட்டும் யோசனை. இதில் ஒரு வசதி இருக்கிறது. 50 மீட்டர் அளந்துகொண்டால், 5 கிலோமீட்டர் என்பது அதில் சரியாக நூறு மடங்கு. நடப்பவர் அந்த 50 மீட்டரை 36 விநாடியில் கடக்க வேண்டும், ஜாகிங் போகிறவர் 24 விநாடியில், ஓடுகிறவர் 15 விநாடியில். நூறால் பெருக்கினால் 3600, 2400, 1500 விநாடிகள். அதாவது 60, 40, 25 நிமிடங்கள். கணக்கு வாத்தியாருக்கு இதைவிட என்ன வேண்டும்?

சனிக்கிழமை சாயங்காலம் தட்டுவடை செட் வாங்கித் தருகிறேன் என்று ஆசை காட்டி, தங்கை மகனையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவரையும் மைதானத்துக்குக் கூட்டிப் போனேன். விசில் அடித்ததும் கல்லூரிக்காரனான தங்கை மகன் 9 விநாடியில் போய் நின்றான். ஜாகிங் போகச் சொன்ன பெண் 13. நடக்கச் சொன்ன பையன் மற்றவர்களைப் பார்த்துவிட்டு வெடுக் வெடுக்கென்று நடந்து 26. ஒன்பதை நூறால் பெருக்கினால் 15 நிமிடம். 2020இல் யுகாண்டாவின் ஜோசுவா செப்டகெய் 5000 மீட்டரில் உலக சாதனை படைத்த நேரமே 12 நிமிடம் 35 விநாடி. எங்கள் பையன் அவருக்கு இரண்டரை நிமிடம்தான் பின்தங்கியிருக்கிறான்! மெதுவாக, மெதுவாக என்று நாலு தடவை கத்தியும் 11 விநாடிக்கு மேல் அவனுக்கு வரவில்லை. நாலு பேர் பார்க்கும்போது 50 மீட்டரை யாராலும் 5 கிலோமீட்டர் தூரம் ஓடுகிற நிதானத்தில் ஓட முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது. பக்கத்தில் ஒருவர் நின்று விநாடியைச் சத்தமாக எண்ணி, அந்த எண்ணிக்கைக்குக் காலை வைக்கப் பழக்கினால் சரிவரலாம். எனக்கு அதற்கு நேரமில்லை, செட்டும் நமுத்துக்கொண்டிருந்தது.

அடுத்தது வேகம். பைக் ஓட்டுகிற எல்லாருக்கும் பழகிய அளவு. பெரிய எண் என்றால் வேகம் அதிகம், குழப்பமே இல்லை. மேடையில் சொன்னால் தலையாட்டுவார்கள். கஷ்டம் அந்தத் தலையாட்டலில்தான் இருக்கிறது. 5, 7.5, 12 என்று கேட்கும்போது ஜாகிங்காரர் நடப்பவருக்குப் பக்கத்தில் இருப்பதுபோலவும், ஓடுகிறவர் எங்கேயோ இருப்பதுபோலவும் தோன்றும். வேகத்தில் அப்படித்தான். முதல் இடைவெளி இரண்டரை, அடுத்தது நாலரை. கடிகாரத்தில் பார்த்தால் தலைகீழ். நடப்பவர் வந்து சேர்வதற்கு 20 நிமிடம் முன்பே ஜாகிங்காரர் வந்துவிடுகிறார். அவருக்கும் ஓடுகிறவருக்கும் இடையில் 15 நிமிடம்தான். மெதுவான பக்கத்தில் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினாலே நேரம் நிறைய மிச்சமாகும், வேகமான பக்கத்தில் நிறையக் கூட்டினாலும் கொஞ்சம்தான். தண்ணீர் மேசைப் பையனுக்கு வேண்டியது கடிகாரம். 7.5 என்ற எண்ணை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்?

இதையும்கூடப் பொறுத்துக்கொள்வேன். என்னை முடிவெடுக்க வைத்தது தங்கை மகனின் திட்டம். "மாமா, நான் போகும்போது ஓடிட்டு, வரும்போது நடந்துடுவேன். பன்னிரண்டும் அஞ்சும் பதினேழு, பாதி எட்டரை. முப்பத்தஞ்சு நிமிஷத்துல வந்துடுவேன்" என்றான். தட்டுவடை தின்றுகொண்டே போட்ட கணக்கு. கேட்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் தப்பு.

நிமிடத்தில் போட்டுப் பாருங்கள். ஓடுகிறவருக்குக் கிலோமீட்டருக்கு 5 நிமிடம், நடப்பவருக்கு 12. போகும் இரண்டரை கிலோமீட்டருக்கு பன்னிரண்டரை நிமிடம், திரும்பும் இரண்டரைக்கு 30. மொத்தம் நாற்பத்திரண்டரை. அவன் சொன்னதைவிட ஏழு நிமிடத்துக்கும் மேல் அதிகம். பாதித் தூரம் ஓடினான், சரி. ஆனால் பாதி நேரம் ஓடவில்லை. நாற்பத்திரண்டரை நிமிடத்தில் 30 நிமிடம் நடந்துகொண்டிருக்கிறான். இரண்டு வேகங்களைக் கூட்டிப் பாதியாக்குவது நேரத்தைச் சமமாகப் பிரித்தால்தான் செல்லும், தூரத்தைப் பிரித்தால் செல்லாது. நிமிடங்களில் இந்தத் தொல்லையே இல்லை. அப்படியே கூட்டலாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடப் போட்டுவிடும். 5 கிலோமீட்டரையும் முழுக்க நடப்பவரும் முழுக்க ஓடுகிறவரும் எங்கள் கூட்டத்தில் குறைவு. பாதிப் பேர் கலந்து கட்டுகிறவர்கள். அவர்களுக்கு உதவாத அளவை மேடையேறிச் சொல்லி என்ன பயன்?

இதில் இன்னொன்றும் இருந்தது. என் மனைவி தினமும் காலையில் கன்னங்குறிச்சிப் பக்கம் ஜாகிங் போகிறவள். கிலோமீட்டருக்கு 8 நிமிடம், கூடவும் மாட்டாள், குறையவும் மாட்டாள். ஐந்து எட்டு நாற்பது. அப்படியானால் ஐம்பது வயது அத்தை பத்தொன்பது வயது மருமகனுக்கு முன்னால் வந்தாக வேண்டும். எங்கே தாண்டுவாள் என்றும் போட்டுப் பார்த்தேன். 35ஆவது நிமிடத்தில், கோட்டுக்கு 625 மீட்டர் இருக்கும்போது. அதுவரை அவன்தான் முன்னால். எனக்குப் பேச்சு கிடைத்துவிட்டது.

ஞாயிறு காலை மைக்கில் சொன்னது ஏறக்குறைய இதுதான்:

"எல்லாருக்கும் வணக்கம். தூரம் எல்லாருக்கும் அஞ்சு கிலோமீட்டர்தான். ஒரு கிலோமீட்டருக்கு உங்களுக்கு எத்தனை நிமிஷம் ஆகுமோ, அதை அஞ்சால பெருக்கிக்கங்க. நடந்தா பன்னெண்டு நிமிஷம், அப்ப அறுபது. ஜாகிங் எட்டு, அப்ப நாப்பது. ஓட்டம் அஞ்சு, அப்ப இருபத்தஞ்சு. ஆறு மணிக்குக் கிளம்பறோம். ஆறு இருபத்தஞ்சுக்கு ஓடறவர் இங்க வந்து நிக்கும்போது, ஜாகிங்காரர் மூணு கிலோமீட்டர் தாண்டியிருப்பார், நடக்கறவர் ரெண்டு தாண்டியிருப்பார். அவர் இன்னும் திரும்பற இடத்துக்கே போகல. தண்ணி மேசைத் தம்பிகளா, கேட்டுக்கங்க. ஓடறவங்க திரும்பி வரும்போது நடக்கறவங்க எதிர்ல வருவாங்க, எல்லாரும் இடது பக்கமாவே போங்க. பாதி ஓடி பாதி நடக்கப் போறவங்க ஓடற நிமிஷத்தையும் நடக்கற நிமிஷத்தையும் தனித்தனியாப் போட்டுக் கூட்டிக்கங்க. கூட்டினா, நிதானமா ஜாகிங் போற எங்க வீட்டம்மா உங்களுக்கு முன்னாடி வந்துடுவாங்க. பார்க்கலாமா?"

சிரித்தார்கள். முன்வரிசையில் ஒரு அம்மா விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

இந்த வழியிலும் குறை உண்டு. சின்ன எண் என்றால் வேகம் அதிகம் என்பது சிலருக்குச் சட்டென்று பிடிபடாது. "எட்டு பெருசா, அஞ்சு பெருசாங்க?" என்று ஒருவர் அங்கேயே கேட்டார். சின்னப் பிள்ளைகள் மட்டும் இருக்கும் கூட்டமென்றால் நான் 50 மீட்டருக்கே திரும்பியிருப்பேன், விநாடி எண்ண ஆள் வைத்து. நான் பேசியது நூற்றிருபது பேர் கூட்டத்தில், அதுவும் ஒரே தடவை. ஆயிரம் பேர் கூட்டத்தில் கடைசி ஆள் கோட்டைத் தாண்டவே சில நிமிடம் ஆகும், அதை எப்படிச் சொல்வது என்று நான் யோசிக்கவில்லை.

சாலையையும் சமதரை என்று வைத்துத்தான் கணக்குப் போட்டேன். கோரிமேட்டிலிருந்து அடிவாரம் பக்கம் போகப் போக லேசான ஏற்றம் உண்டு. அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏற்காடு ஏறும் பாதையில் வைத்தால் என் எண்கள் எதுவும் நிற்காது. ஆனால் கூட்டல் அங்கேயும் நிற்கும். மணிக்கு 4 கிலோமீட்டரில் ஏறி 8இல் இறங்கினால் சராசரி 6 என்று சொல்லத் தோன்றும். கிலோமீட்டருக்கு பதினைந்தும் ஏழரையும் என்று பிரித்துக் கூட்டுங்கள். 5 கிலோமீட்டருக்கு 50 நிமிடம் வராது, 56 வரும். ஏற்றத்தில் விட்ட நேரம் இறக்கத்தில் முழுசாகக் கிடைப்பதில்லை.

அன்றைக்கு நான் கோட்டருகே ஸ்டாப்வாட்ச்சோடு நின்றேன். முதல் ஆள் 23 நிமிடத்தில் வந்தார். மனைவி 41. ஏற்றத்தில் ஒரு நிமிடம் போயிருக்கும். மூச்சுகூட வாங்கவில்லை. தங்கை மகன் 44இல், செருப்பு அறுந்தவன்போல நடந்து வந்தான். "அந்த வேப்பமரத்துகிட்ட அத்தை என்னைத் தாண்டினாங்க மாமா, போகும்போது டாட்டா வேற காட்டினாங்க" என்றான். மரத்துக்கும் கோட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று சாயங்காலம் பைக்கில் போய் அளந்தேன். 700 மீட்டர்.

கடைசியாக ஒரு தாத்தாவும் பேத்தியும் 7 மணி 12 நிமிடத்துக்கு வந்தார்கள். தண்ணீர் மேசை அங்கேயே இருந்தது. பையன் இரண்டு டம்ளரையும் நிரப்பிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.