24 அங்குல ஐபிஎஸ்ஸா, 27 அங்குல விஏவா?

நிரல் எழுதப் பழகுபவர் மானிட்டர் தேடினால், கிட்டத்தட்ட ஒரே விலையில் இந்த இரண்டும் கண்ணில் படும். ஐபிஎஸ், விஏ என்பவை திரையின் வகைகள். இரண்டிலுமே 1920x1080 புள்ளிகள் என்றால் பெரியதுதான் லாபம் என்று தோன்றும். ஆனால் 24-இல் அங்குலத்துக்குச் சுமார் 92 புள்ளிகள், 27-இல் 82 தான். கூடுதலாக ஒரு வரி நிரல்கூடத் தெரியாது. எழுத்து பெரிதாகி, ஓரம் பிசிறடிக்கும்.

விஏவில் கறுப்பு ஆழமாக இருக்கும், படம் பார்க்க அருமை. ஆனால் கறுப்புப் பின்னணியில் நிரலை வேகமாக உருட்டினால், பல விஏ திரைகளில் எழுத்துக்குப் பின்னால் நிழல் இழுபடும். கடையிலேயே ஏதாவது ஒரு கோப்பைத் திறந்து உருட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும். ஐபிஎஸ்ஸில் கறுப்பு சற்றுச் சாம்பலாகத் தெரியும். வேலைக்கு அது தடையில்லை. என் தேர்வு 24 ஐபிஎஸ். 27 தான் வேண்டுமென்றால் 2560x1440 உள்ளதை வாங்குங்கள்.

அப்புறம் கீபோர்டு. மெக்கானிக்கலா, சாதாரணமா என்பதைவிட நீளம் முக்கியம். வலப்பக்க எண் பட்டைகள் இல்லாத கீபோர்டில் மவுஸ் உடலுக்கு நெருக்கமாக வரும், வலது தோள் இழுபடாது. கணக்குப் பதிவு வேலையும் செய்பவருக்கு மட்டும் முழு நீளம் சரி. எதுவானாலும் அடியிலுள்ள மடக்குக் கால்களை விரிக்காதீர்கள். விரித்தால் மணிக்கட்டு மேல்நோக்கி வளையும்.