19 வருட டீமேட் கணக்கு: புரோக்கர் கடையை மூடியபோது என் பங்குகள் எங்கே இருந்தன

ஈரோட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்த 2006இல் அப்பாதான் என்னை ஒரு புரோக்கர் அலுவலகத்துக்கு அழைத்துப் போய் பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டீமேட் கணக்கு தொடங்க வைத்தார். 2008இல் கல்யாணமாகி மலேசியாவுக்கு வந்துவிட்டேன். இப்போது சுங்கை சிப்புட்டில், ரப்பர் தோட்டத்தை ஒட்டிய ஒரு தாமானில் குடியிருக்கிறோம். ஊர் மாறினாலும் அந்தக் கணக்கை மூடவில்லை. சிமெண்ட் கம்பெனி பங்கு 150, வங்கிப் பங்கு 60, மருந்து கம்பெனி பங்கு 75, இவ்வளவுதான் அதில் இருந்தது. வாங்கி விற்கும் பழக்கம் எனக்கு இல்லை.

இந்த 19 வருடத்தில் அந்த புரோக்கர் நிறுவனம் திவாலாகிப் போனது. அதன் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. அந்தச் சமயத்தில் எனக்கு என்ன நடந்தது, எதைப் பார்த்துக் கண்டுபிடித்தேன் என்பதைச் சொல்கிறேன். இங்கே என்னைப் போல ஊரிலிருந்து வந்து, அங்கே கணக்கை அப்படியே விட்டுவைத்திருக்கும் பெண்கள் நிறையப் பேர் எனக்குத் தெரியும்.

முதலில் யாரிடம் என்ன இருக்கிறது என்பதைப் பார்ப்போம். இந்தியாவில் பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருப்பவை இரண்டே டிபாசிட்டரிகள். ஒன்று 1996இல் தொடங்கிய என்எஸ்டிஎல், இன்னொன்று 1999இல் தொடங்கிய சிடிஎஸ்எல். நம் பங்கு அங்கே, நம் பெயரில், பான் எண்ணோடு பதிவாகியிருக்கும். புரோக்கர் பெரும்பாலும் அந்த டிபாசிட்டரியின் பங்கேற்பாளராகவும் இருப்பார். கணக்கு தொடங்குவதும் நாம் கொடுக்கும் உத்தரவை உள்ளே அனுப்புவதும் அவர் வேலை. வங்கியில் போட்ட பணம் வங்கியின் புத்தகத்தில் கலந்துவிடும், நமக்கு அது கடன் பாக்கி மாதிரி. பங்கு அப்படிக் கலப்பதில்லை. சட்டப்படி அது புரோக்கரின் சொத்து ஆகாது. அவருக்குக் கடன் கொடுத்தவர்கள் வந்தாலும் அதில் கை வைக்க உரிமை கிடையாது.

இதைத்தான் நான் பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பிக்கை சரிதான். ஆனால் ஒரு கதவு திறந்தே கிடந்தது எனக்குத் தெரியாது. 2006இல் கையெழுத்துப் போட்ட அந்தக் கற்றையான படிவத்தில் ஒரு பவர் ஆஃப் அட்டர்னி இருந்தது. நான் பங்கு விற்கும்போது ஒவ்வொரு தடவையும் சீட்டு எழுதிக் கொடுக்காமல், புரோக்கரே என் கணக்கிலிருந்து பங்கை எடுத்துச் சந்தைக்குக் கொடுக்கலாம் என்பதற்கான அதிகாரம் அது. விற்கச் சொன்னால் மட்டும் எடுப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

2019 நவம்பர் 22ஆம் தேதி கார்வி என்ற புரோக்கர் நிறுவனத்தின் மீது, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி உத்தரவு போட்டது. இது எல்லாப் பத்திரிகையிலும் வந்த சேதி. வாடிக்கையாளர்களின் பவர் ஆஃப் அட்டர்னியைப் பயன்படுத்தி, அவர்கள் பங்குகளைத் தன் பெயரில் இருந்த ஒரு டீமேட் கணக்குக்கு மாற்றி, அதை வங்கிகளில் அடகு வைத்துக் கடன் வாங்கியிருக்கிறது அந்த நிறுவனம். சுமார் 95,000 பேரின் பங்குகள், ஏறக்குறைய 2,300 கோடி ரூபாய் மதிப்பு என்று செய்தி வந்தது. டிசம்பர் 2ஆம் தேதி என்எஸ்டிஎல் கிட்டத்தட்ட 83,000 பேருக்கு அவர்கள் பங்குகளைத் திருப்பி மாற்றிக் கொடுத்தது. டிபாசிட்டரி தன் பதிவேட்டைப் பார்த்து யாருடையது எது என்று சொல்ல முடிந்ததால்தான் இது நடந்தது.

அந்தச் சேதியைப் படித்த இரவு நான் என் கணக்கைப் பார்த்தேன். என் புரோக்கர் வேறு. அவர்கள் இணையதளத்தில் 150, 60, 75, மூன்றும் சரியாக இருந்தன. அப்புறம் டிபாசிட்டரியிலிருந்து மெயிலில் வரும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையைத் திறந்தேன். பிடிஎஃப் கோப்பு, பான் எண்தான் அதன் கடவுச்சொல். ஒவ்வொரு முறையும் வந்துகொண்டிருந்தது, நான் திறந்ததே இல்லை. அதில் 150 இருந்தது, 60 இருந்தது, மருந்து கம்பெனி வரியே இல்லை.

பழைய அறிக்கைகளைப் பின்னோக்கித் தேடினேன். 75 பங்குகளும் ஐந்து மாதத்துக்கு முன்பு சந்தைக்கு வெளியே ஒரு மாற்றமாக, புரோக்கரின் சொந்தக் கணக்குக்குப் போயிருந்தன. நான் எதையும் விற்கவில்லை. அவர்களுக்கு ஒரு ரூபாய் பாக்கியும் இல்லை. புரோக்கரின் திரை அவர் எழுதுகிற கணக்கு, டிபாசிட்டரி அறிக்கைதான் உண்மை இருப்பு. இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் விஷயம் வெளியே தெரிகிறது.

கணக்கிலிருந்து பங்கு வெளியே போனால் டிபாசிட்டரி நேராக எஸ்எம்எஸ் அனுப்பும். எனக்கு ஏன் வரவில்லை என்று பார்த்தால், பதிவில் இருந்தது 2008க்கு முந்திய என் ஈரோட்டு நம்பர். ரீசார்ஜ் செய்யாமல் விட்டதால் அது எப்போதோ போய்விட்டது. எச்சரிக்கை யாருக்கோ போயிருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய ஓட்டை இல்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

புரோக்கருக்கு அறிக்கையின் பக்கத்தை இணைத்து மெயில் போட்டேன். “சிஸ்டம் கோளாறு மேடம், சரிபண்ணிடுறோம்” என்று போனில் சொன்னார்கள். ஒரு வாரம் பார்த்துவிட்டு செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் பதிவு செய்தேன். மொத்தம் 19 நாளில் 75 பங்குகளும் திரும்ப வந்தன. அந்த மாதத்து அறிக்கையில் கண்ணால் பார்க்கும்வரை நான் நம்பவில்லை.

2020 பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது முதல் வேலையாக ஒரு வங்கியில் புது டீமேட் கணக்கு தொடங்கினேன். வெளிநாட்டில் குடியேறியவர் பழைய உள்நாட்டுக் கணக்கிலேயே தொடரக்கூடாது, வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஓ வகைக்கு மாற வேண்டும். அதையும் அப்போதே செய்தேன். பவர் ஆஃப் அட்டர்னி கொடுக்கவில்லை. பழைய கணக்கை மூடும் படிவத்தோடு டெலிவரி இன்ஸ்ட்ரக்‌ஷன் சீட்டில் மூன்று கம்பெனிப் பங்குகளின் அடையாள எண்ணான ஐஎஸ்ஐஎன்னையும் எண்ணிக்கையையும் எழுதிக் கையெழுத்திட்டேன். பெயரும் பான் எண்ணும் ஒன்றாக இருந்ததால் விற்பனை என்று எதுவும் ஆகாது, பங்குகள் அப்படியே நகர்ந்தன. பதினோரு நாள் ஆனது.

ஒன்றே ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். பழைய விற்பனைத் தொகை ஒன்றின் மீதியாக 18,400 ரூபாய் புரோக்கர் எழுதும் வரவு செலவுக் கணக்கான லெட்ஜரில் கிடந்தது. 2021இல் பங்குச்சந்தை அந்த நிறுவனத்தை டிஃபால்ட்டர் என்று அறிவித்தது. பங்குக்கு டிபாசிட்டரியில் இருப்பது போலப் பணத்துக்கு என் பெயரில் தனிப் பதிவேடு எங்கேயும் கிடையாது. வாடிக்கையாளர் பணம் என்று தனி வங்கிக் கணக்கில் மொத்தமாகத்தான் இருக்கும், அதில் அவர்கள் கை வைத்துவிட்டால் குறையும். அப்போது சந்தையின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதியிடம் விண்ணப்பிக்க வேண்டும். அறிவிப்பில் சொன்ன தேதிக்குள் லெட்ஜர் நகல், கான்ட்ராக்ட் நோட், வங்கி அறிக்கை எல்லாம் அனுப்பினேன். பதினான்கு மாதம் கழித்துப் பணம் வந்தது. அந்த நிதிக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. புரோக்கரிடம் மாத வட்டிக்குக் கொடுத்துவைத்த பணத்தை அது ஏற்காது. அந்த வட்டி ஆசையில் கொடுத்த ஈரோட்டுத் தோழி ஒருத்திக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவளிடம் என்ன சொல்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

என் சித்தப்பா மகன் கணக்கை மாற்றாமல் அதே இடத்தில் இருந்தான். புரோக்கரின் ஆப் ஒரு நாள் திறக்கவேயில்லை. “அக்கா, எல்லாம் போச்சா?” என்று போன் செய்தான். டிபாசிட்டரி அறிக்கையை எடுக்கச் சொன்னேன். எல்லாப் பங்கும் அவன் பெயரிலேயே இருந்தன. கணக்கு வேறொரு பங்கேற்பாளரிடம் போய்ச் சேரும்வரை சில வாரம் விற்க முடியவில்லை, அவ்வளவுதான். அந்த வாரங்களில் விலை இறங்கியிருந்தால் அந்த நஷ்டத்தை யாரும் தரமாட்டார்கள்.

அதற்குப் பிறகு விதிகள் நிறைய இறுகியிருக்கின்றன. 2020 செப்டம்பரிலிருந்து வர்த்தகத்துக்கு ஈடாக, மார்ஜினுக்கு வைக்கும் பங்கும் நம் டீமேட் கணக்கிலேயே, நாம் ஓடிபி கொடுத்தால்தான் அடகாகப் பதிவாகும். அறிக்கையில் ‘ஃப்ரீ பேலன்ஸ்’ என்பதும் ‘பிளெட்ஜ்’ என்பதும் தனித்தனியாகத் தெரியும். நான் எதையும் அடகு வைக்காதவள் என்பதால் பிளெட்ஜ் பக்கம் ஒரு எண் தெரிந்தாலே போதும், கேள்வி கேட்டுவிடுவேன். 2022 நவம்பரிலிருந்து பவர் ஆஃப் அட்டர்னிக்குப் பதில் டிடிபிஐ என்ற குறுகிய அதிகாரப் பத்திரம் வந்தது. அதையும் கொடுக்காமல் ஒவ்வொரு விற்பனைக்கும் ஓடிபி போட்டு அனுமதிக்கலாம். 2025 பிப்ரவரியிலிருந்து வாங்கிய பங்கு புரோக்கரின் பொதுக் கணக்கில் தங்காமல் நேராக நம் கணக்குக்கே வருகிறது.

இதற்கெல்லாம் உயிரோடு இருக்கும் நம்பர் வேண்டும். என் இந்திய சிம் ஒரு பழைய போனில், சமையலறை ஜன்னல் ஓரத்தில் எப்போதும் சார்ஜில் இருக்கிறது. தோட்டத்துப் பக்கம் அங்கேதான் சிக்னல் நிற்கும். ரோமிங் காலாவதியாகாமல் மாமாவின் காலண்டரில் தேதி எழுதி வைத்திருக்கிறேன்.

மாமா இந்தத் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். அவருக்கு இங்கே மலேசியப் பங்குச்சந்தையான புர்சாவில், டீமேட் மாதிரியான சிடிஎஸ் கணக்கு உண்டு. என் கதையைக் கேட்டபிறகு, “நம்மளோடத பாரும்மா” என்று கோப்பை எடுத்துத் தந்தார். இங்கே டிபாசிட்டரி புர்சா மலேசியா டிபாசிட்டரி ஒன்றுதான். அவருடைய பழைய கணக்கு நேரடி சிடிஎஸ், புர்சா எனிவேர் ஆப்பில் அவர் பெயரிலேயே பங்குகள் வந்தன. மைத்துனர் புது ஆன்லைன் புரோக்கரிடம் தொடங்கியது வேறு. அதில் பதிவேட்டுப் பெயர் ‘நாமினீஸ் (தெம்பாத்தான்)’ என்று முடியும் ஒரு கம்பெனி, அவர் அதன் பின்னால் இருக்கும் பயனாளி. கட்டணம் குறைவு என்பதற்காக எடுத்தார், அது திருட்டு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே சிக்கல் வந்தால் டிபாசிட்டரியிடம் நேராகக் காட்ட அவர் பெயரில் வரி கிடையாது, நாமினி கம்பெனியின் புத்தகத்தைத்தான் நம்ப வேண்டும். மூலதனச் சந்தை இழப்பீட்டு நிதி ஒருவருக்கு அதிகபட்சம் 100,000 மலேசிய வெள்ளிவரை ஈடு தரும். மைத்துனர் இப்போது மாதாந்திர அறிக்கையை ஒவ்வொன்றாக அச்செடுத்து ஃபைலில் சேர்க்கிறார். நீண்ட காலத்துக்கு வைத்திருக்கும் பங்குகளை நேரடி சிடிஎஸ் கணக்குக்கு மாற்ற விண்ணப்பமும் எழுதி வைத்திருக்கிறார்.