மாணவர் தள்ளுபடியில் கேமிங் லேப்டாப்: அக்கா மகளோடு இரண்டு முறை கடைக்குப் போனது

மூன்று வார விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். அக்கா மகள் அப்போதுதான் கல்லூரியில் முதல் வருடம் சேர்ந்திருந்தாள். முப்பரிமாண வடிவமைப்பு பாடமாக இருப்பதால் நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப் வேண்டும் என்றாள், கேமும் விளையாடுவாள். நான் வாங்கித் தருவதாகச் சொன்னதும், "சித்தி, மாணவர்களுக்குத் தனி விலை இருக்கு, அதுல வாங்கலாம்" என்றாள். சரி என்று கிளம்பினோம். ஒரே நாளில் முடியும் என்று நினைத்த வேலைக்கு ஒன்பது நாள் ஆனது. எந்த இடத்தில் தாமதமானது என்று தெரிந்தால் உங்களுக்கு அந்த ஒன்பது நாளும் மிச்சம்.

முதலில் கடைக்குப் போனோம். கவுன்டரில் இருந்தவர் மாணவர் அடையாள அட்டையைக் கேட்டார். அவளுக்கு இன்னும் அட்டை வரவில்லை. சேர்க்கைக் கடிதத்தை நீட்டினாள். அவர் அதைப் படித்துவிட்டு, "இடம் கிடைச்சதுன்னுதான் இதுல இருக்கு மேடம், சேர்ந்துட்டாங்கன்னு இல்லையே" என்றார். அவர் சொன்னது நியாயம். கடையும் தயாரிப்பு நிறுவனமும் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: இந்த ஆள் இன்றைய தேதியில் மாணவரா? அதனால் எந்தச் சான்றாக இருந்தாலும் அதில் மூன்று விஷயம் தெரிய வேண்டும். மாணவரின் முழுப்பெயர், கல்லூரியின் பெயர், நடப்புக் கல்வியாண்டைக் காட்டும் தேதி. அடையாள அட்டை இருந்தும் திருப்பி அனுப்பப்படுகிறவர்களுக்குப் பெரும்பாலும் இந்தத் தேதிதான் காரணம். அட்டையின் கீழ் ஓரத்தில் 'செல்லுபடியாகும் காலம்' என்று சின்ன எழுத்தில் இருக்கும் அல்லது பின்பக்கம் வருடாவருடம் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அந்த ஸ்டிக்கர் போன வருடத்தோடு நின்றிருந்தால் அட்டை பயன்படாது. தேதியே இல்லாத அட்டையும் அப்படித்தான்.

அட்டை இல்லாதவர்களுக்கு இந்தப் பருவத்துக்குக் கட்டணம் கட்டிய ரசீது கைகொடுக்கும். அதுவும் இல்லையென்றால், இவர் இங்கே இன்ன வருடம் படிக்கிறார் என்று கல்லூரி முத்திரையோடு தரும் போனஃபைடு சான்றிதழ். எங்கள் கடையில் ரசீதோடு, புகைப்படம் உள்ள அரசு அடையாள ஆவணம் ஒன்றும் கேட்டார்கள். ரசீதில் படம் இருக்காது, நிற்பவர் அவர்தான் என்று பார்க்க வேண்டுமல்லவா?

அங்கே ஒரு விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆவணங்களைத் தன் சொந்த போனில் படம் எடுத்துக்கொள்வதாக ஒரு ஊழியர் சொன்னார். நான் மறுத்து, கடையின் அலுவலக மின்னஞ்சலுக்கு அனுப்புவதாகச் சொன்னேன், ஒப்புக்கொண்டார்கள். அடையாள எண்ணை மறைத்து, நகலின் குறுக்கே 'லேப்டாப் மாணவர் தள்ளுபடிக்கு மட்டும்' என்று தேதியோடு எழுதிக் கொடுத்தோம். எழுத்து பெயரின் மேலோ தேதியின் மேலோ விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தயாரிப்பு நிறுவனத்தின் மாணவர் தளத்தில் பதிவு. கடை விலையே போதும் என்று நினைத்தோம், ஆனால் தள்ளுபடிக் குறியீடு அங்கிருந்துதான் வர வேண்டும் என்றார்கள். கல்லூரி மின்னஞ்சல் முகவரி இருந்தால் அதற்கு ஒரு ஓடிபி வரும், இரண்டு நிமிட வேலை. ஆனால் சரிபார்க்கும் நிறுவனத்தின் பட்டியலில் அந்தக் கல்லூரியின் மின்னஞ்சல் முகவரி இருந்தால்தான் அது நடக்கும். எங்களுக்கு இல்லை. ரசீதைப் பதிவேற்றினோம், நிராகரித்துவிட்டார்கள். மறுபடி பதிவேற்றியும் அதேதான்.

காரணம் தெரிய இரண்டு நாள் ஆனது. ரசீதில் அவள் பெயர் இனிஷியலோடு இருந்தது. படிவத்தில் 'கடைசிப் பெயர்' என்ற கட்டத்தில் அவள் அப்பாவின் முழுப்பெயரை நிரப்பியிருந்தாள். நமக்கு இரண்டும் ஒரே ஆள், சரிபார்ப்பவருக்கு இரண்டும் வேறு பெயர். ஆவணத்தில் உள்ளபடியே, இனிஷியலை மட்டும் அந்தக் கட்டத்தில் போட்டு அனுப்பினோம். இந்த முறை ரசீதை மேசையில் வைத்து நான்கு மூலையும் தெரிய, ஒளி பட்டு எழுத்து மறையாமல் படம் எடுத்தோம். மறுநாள் குறியீடு வந்தது. ஒருமுறைதான் செல்லும், குறிப்பிட்ட நாளுக்குள் பயன்படுத்த வேண்டும். அதனால் மாடலை முடிவு செய்த பிறகே பதிவு செய்வது நல்லது.

மாடல் விஷயத்தில்தான் நான் அதிகம் கவனித்தேன். மாணவர் விலை எல்லா லேப்டாப்புக்கும் கிடையாது, பட்டியலில் உள்ளதற்கு மட்டும். நாங்கள் கடையில் தொட்டுப் பார்த்ததிலும் பட்டியலில் இருந்ததிலும் கிராபிக்ஸ் கார்டு RTX 4060 என்றே எழுதியிருந்தது. ஆனால் லேப்டாப்பில் இந்தக் கார்டுக்கு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எவ்வளவு மின்சாரம் தருவது என்பதை லேப்டாப் தயாரிப்பவர்தான் முடிவு செய்கிறார். வாட் குறைந்தால் பெரிய கேமில் வேகமும் குறையும், பெயர் மட்டும் மாறாது. மாடல் எண்ணின் கடைசி எழுத்துகள் வேறாக இருப்பதைப் பார்த்து சந்தேகப்பட்டு, நிறுவனத்தின் விவரப் பக்கத்தில் இந்த வாட் அளவைச் சொல்லும் TGP என்ற வரியைத் தேடினேன். பார்வைக்கு வைத்தது 115, பட்டியலில் இருந்தது 75. அதே பட்டியலில் 115 வாட் உள்ள இன்னொரு மாடலைத் தேர்ந்தெடுத்தோம். வீட்டுக்கு வந்ததும் NVIDIA Control Panel திறந்து, System Information பக்கத்தில் Maximum Graphics Power என்ற வரியையும் பார்த்துக்கொண்டோம்.

விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். குறித்த விலை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். மாணவர் விலை 93, கூடவே ஒரு வருடக் கூடுதல் வாரண்டி. அதே வாரம் எல்லோருக்குமான சலுகையில் 90-க்கே கிடைத்தது, ஆனால் வாரண்டியைத் தனியாக வாங்க 5 ஆகும். ஆக வாரண்டியோடு மாணவர் விலை 93, பொதுச் சலுகை 95. வாரண்டி வேண்டாம் என்றால் பொதுச் சலுகைதான் மலிவு. இரண்டையும் சேர்த்துத் தர மாட்டார்கள். என்னுடையது வெளிநாட்டு வங்கி அட்டை என்பதால் வங்கிச் சலுகையும் இல்லை.

என் மகனுக்கும் ஒன்று அவள் பெயரிலேயே வாங்கிக்கொண்டு போகலாமா என்று யோசித்தேன். விதிமுறையைப் படித்ததும் விட்டுவிட்டேன். வருடத்துக்கு ஒருவருக்கு ஒன்று, மாணவரின் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று தெளிவாக இருந்தது. வாரண்டியும் வாங்கிய நாட்டுக்குள்தான்.

பில் அவள் பெயரில் போட்டோம், பணம் நான் கட்டினேன். கடையில் அதற்கு மறுப்பு சொல்லவில்லை. பில்லில் சீரியல் நம்பர் இருக்கிறதா என்று பார்த்து, பெட்டியில் இருந்ததோடு ஒப்பிட்டுக்கொண்டேன். வீட்டில் நிறுவனத் தளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தபோது வாரண்டி நான்கு மாதம் முன்பே தொடங்கியதாகக் காட்டியது, அதாவது லேப்டாப் கடைக்கு அனுப்பப்பட்ட தேதியிலிருந்து. பில்லின் நகலை அனுப்பி வாங்கிய தேதிக்கு மாற்றக் கேட்டோம். நான் விமானம் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்பு, "சித்தி, தேதி மாறிடுச்சு" என்று திரையைக் காட்டினாள்.