மராத்தித் தலைப்பின் தோற்றம் தமிழிலும் வர வேண்டுமா? மூன்று வழிகள், ஒரே நோட்டீஸ்

மும்பை தாராவியில் தமிழ் நோட்டீஸ் வேலை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வரும். மராத்தியில் அச்சான ஒன்றைக் கொடுத்து, "இதே மாதிரி தமிழில் வேணும்" என்பார்கள். சமீபத்தில் எனக்கு வந்தது ஒரு கண் பரிசோதனை முகாம் நோட்டீஸ். தலைப்பில் மேலே மஞ்சள், கீழே போகப்போகச் சிவப்பு. அதைச் சுற்றி மெல்லிய கருஞ்சிவப்புக் கோடு, அதற்கு வெளியே தடித்த வெள்ளைக் கோடு, கடைசியில் நிழல். தமிழில் "இலவச கண்" ஒரு வரி, "பரிசோதனை முகாம்" இன்னொரு வரி. ஃபோட்டோஷாப்பில் இதை மூன்று விதமாகச் செய்து பார்த்தேன்.

முதல் வழி, எழுத்தையே நகலெடுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குவது. மேல் லேயரில் வண்ணம், நடுவில் கருஞ்சிவப்புக் கோடு, அடியில் வெள்ளைக் கோடும் நிழலும். ஃபோட்டோஷாப் CC 2015 பதிப்புக்கு முன்பு ஒரு லேயருக்கு ஒரு Stroke-தான் கிடைத்தது, அதனால் இரட்டைக் கோட்டுக்குப் பலரும் இப்படித்தான் செய்தார்கள். தோற்றம் சரியாகவே வரும். ஆனால் வாடிக்கையாளர் ஒரு எழுத்தை மாற்றச் சொன்னால் மூன்று இடத்திலும் மாற்ற வேண்டும். ஒன்றை மறந்தால், புது எழுத்துக்குப் பின்னால் பழைய எழுத்தின் வெள்ளை விளிம்பு எட்டிப் பார்க்கும். பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் தவிர வேறு யாருக்கும் இதைச் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது, ஒரே லேயரில் எல்லாம். Layer Style சாளரத்தில் Stroke பக்கத்தில் இருக்கும் கூட்டல் குறியை அழுத்தினால் இன்னொரு Stroke வரும். இங்கே பலர் தடுமாறுவது அளவில்தான். Outside என்று வைத்தால் இரண்டு கோடுகளுமே எழுத்தின் விளிம்பிலிருந்துதான் தொடங்கும். மூலத்தில் உள்கோடு 4 பிக்சல், வெள்ளை 10 பிக்சல் தெரிகிறது என்றால், கீழே இருக்கும் வெள்ளைக்கு 14 கொடுக்க வேண்டும். 10 கொடுத்தால் 6 மட்டுமே தெரியும், தலைப்பு மெலிந்து போகும். ஒரு வரித் தலைப்புக்கு என் ஓட்டு இந்த வழிக்குத்தான்.

இரண்டு வரி என்றால் கதை மாறுகிறது. Gradient Overlay-இல் Align with Layer இருந்தால் வண்ணம் லேயரின் முழு உயரத்துக்கும் பரவும். இரண்டு வரியும் ஒரே லேயரில் இருந்தால் மேல் வரி மஞ்சளிலிருந்து ஆரஞ்சு வரையும், கீழ் வரி ஆரஞ்சிலிருந்து சிவப்பு வரையும் மட்டுமே போகும். சரி, வரிக்கு ஒரு லேயர் என்று பிரித்தால், வரிகள் நெருக்கமாக இருக்கும்போது லேயர் பட்டியலில் மேலே இருக்கும் லேயரின் 14 பிக்சல் வெள்ளை, மற்ற வரியின் எழுத்தையே மூடிவிடும். என் நோட்டீஸில் "இ"யின் அடிப்பகுதி அப்படித்தான் காணாமல் போனது.

அதனால் மூன்றாவது வழிக்குப் போனேன். இரண்டு வரி லேயர்களுக்கும் வண்ணமும் 4 பிக்சல் கோடும் மட்டும் கொடுத்தேன். இரண்டையும் தேர்ந்தெடுத்து Convert to Smart Object செய்து, வெள்ளைக் கோட்டையும் நிழலையும் அதன்மேல் போட்டேன். இங்கே வெள்ளைக்கு 10 போதும், ஏனென்றால் உள்கோடு இப்போது உருவத்தின் பகுதியாகிவிட்டது. இரண்டு வரியையும் வெள்ளை ஒரே விளிம்பாகச் சுற்றிக்கொண்டது. திருத்த வேண்டுமென்றால் சிறுபடத்தை இருமுறை சொடுக்கி, உள்ளே மாற்றிச் சேமித்தால் போதும். ஒரு குறை உண்டு: புதுச் சொல் நீளமாக இருந்தால் ஓரத்தில் வெட்டுப்படும். உள்ளே Image > Reveal All கொடுத்துவிட்டுச் சேமிக்க வேண்டும்.

எந்த வழியில் போனாலும் தமிழுக்கென்று இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. மராத்தி எழுத்துகளை மேற்கோடு இணைத்துவிடுவதால் வெளிக்கோடு சொல் முழுவதையும் ஒன்றாகச் சுற்றுகிறது. தமிழில் எழுத்துக்கு எழுத்து இடைவெளி, அதனால் வெள்ளைக்கு நடுவே பின்னணி துண்டு துண்டாகத் தெரியும். எழுத்திடைவெளியைக் கொஞ்சம் குறைத்து, பக்கத்து எழுத்துகளின் வெள்ளை ஒன்றையொன்று தொடும்படி வைத்ததும் மூலத்தின் கட்டு வந்தது.

இன்னொன்று புள்ளி. "ண்" மேல் இருக்கும் புள்ளி லேயரின் உயரத்தைக் கூட்டுவதால், நல்ல மஞ்சளெல்லாம் புள்ளிக்குப் போய், எழுத்துகள் ஆரஞ்சிலிருந்து தொடங்கும். Gradient Overlay திறந்திருக்கும்போதே படத்தின்மேல் சொடுக்கி வண்ணத்தைக் கீழே இழுங்கள். எழுத்தின் தலையில் மஞ்சள் வந்ததும் நிறுத்திவிடலாம்.

நிழலின் அடர்த்தியை ஊகிக்கத் தேவையில்லை. மூலத்தில் பின்னணி நிறம் RGB அளவில் 240, 200, 80 என்றும் நிழல் விழுந்த இடம் 96, 80, 32 என்றும் இருந்தது. மூன்றிலும் மிச்சம் 40 சதவீதம். அப்படியானால் நிழல் கறுப்பு, Multiply, Opacity 60. மூன்று விகிதமும் வேறுபட்டால் நிழலுக்கு ஏதோ நிறம் உண்டு என்று பொருள். மங்கலான நிழலென்றால் அதன் அடர்ந்த நடுப்பகுதியில் அளக்க வேண்டும்.

ஒன்று மட்டும் இந்த மூன்றிலும் வராது: கூர்மையான மூலைகள். Outside Stroke தடிக்கத் தடிக்க மூலைகளை உருட்டிவிடும். மூலத்தில் மூலை கூராக இருந்தால் எழுத்தை Convert to Shape செய்து, வடிவத்தின் கோட்டில் மூலையை Miter ஆக்க வேண்டும். அதற்குப் பிறகு எழுத்தைத் தட்டச்சு செய்து திருத்த முடியாது, எனவே பிழை பார்த்து முடிந்தபின் செய்யுங்கள்.