ஹெட்போன் கரகரத்தால் “உங்க போன்ல சிக்னல் வீக்” என்பார்கள். நம்பி டாங்கிள் வாங்காதீர்கள்

சத்தத்தைக் கூட்டினால் மட்டும் உங்கள் ஹெட்போன் கரகரக்கிறதா? சர்வீஸ் சென்டருக்குப் போகும் முன் இதைப் படித்துவிட்டுப் போங்கள். என்னிடம் முதலில் தேவையில்லாத ஒரு பொருளை விற்றார்கள். அப்புறம் இல்லாத ஒரு கிழிசலைச் சொல்லி வாரண்டியை மறுத்தார்கள்.

என்னுடையது 7,500 ரூபாய் ஹெட்போன். காதை முழுக்க மூடுகிற வயர் ரகம். வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. பாதி சத்தத்தில் ஒரு குறையும் தெரியாது. முக்கால் அளவைத் தாண்டினால், மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் கும்கி என்ற தாழ்ந்த ஒலி எழும்போதெல்லாம் வலது காதில் மட்டும் ‘ஜ்ர்ர்’ என்று ஒரு அதிர்வு. பாடகர் குரலிலோ வயலினிலோ அது வரவே இல்லை.

கவுன்ட்டரில் இருந்தவர் தன் போனில் செருகி, ஏதோ ஒரு பாட்டை நடு சத்தத்தில் கொஞ்ச நேரம் கேட்டார். “ஹெட்போன் நல்லா இருக்கு சார். உங்க போன்ல சிக்னல் வீக். அதான் வால்யூம் ஏத்தினா உடையுது” என்றார். சத்தம் கூட்டினால்தான் வருகிறது, அதுவும் வலது பக்கம் மட்டும்தான் வருகிறது என்று சொன்னேன். அதை அவர் ஜாப் ஷீட்டில் எழுதவே இல்லை. மாறாக, போனுக்கும் ஹெட்போனுக்கும் நடுவில் செருகி ஒலியை மாற்றித் தரும் டாங்கிள் டாக் ஒன்றை 1,800 ரூபாய்க்கு எடுத்து வைத்தார். இதைப் போட்டால் சரியாகிவிடும் என்று உறுதியாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டால் கரகரப்பு முன்பைவிட அதிகம். டாங்கிள் போனைவிடக் கூடுதல் வோல்டேஜ் கொடுக்கிறது, ஹெட்போனுக்குள் ஒலி எழுப்பும் டிரைவர் இன்னும் பலமாக ஆடுகிறது, ஆகவே கோளாறும் பலமாகக் கேட்கிறது. சோர்ஸை, அதாவது பாட்டு வரும் கருவியை, மாற்றியும் சத்தம் அதே காதில், அதே தாளத்தில் வந்தால் குற்றவாளி சோர்ஸ் இல்லை என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது.

ஆனாலும் கடைக்காரர் மறுக்க முடியாதபடி ஆதாரம் வேண்டும் என்று நினைத்தேன். ஆண்ட்ராய்டு போனில் Accessibility பகுதிக்குள் Mono audio என்று ஒன்று இருக்கும். அதை இயக்கினால் இரண்டு காதுக்கும் ஒரே சிக்னல்தான் போகும். சிக்னலே கெட்டிருந்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து கரகரக்க வேண்டும். எனக்கு இடது பக்கம் சுத்தம், வலது பக்கம் மட்டும் ‘ஜ்ர்ர்’. போனின் வலது பக்க வெளியீடே பழுதாக இருக்கலாமே என்ற சந்தேகத்தைத் தீர்க்க, அதே ஓட்டையில் வேறொரு இயர்போனைச் செருகிக் கேட்டேன். இரண்டு பக்கமும் சுத்தம். வயரில் கோளாறு என்றால் பிளக்கைத் திருகும்போது, குறைந்த சத்தத்திலும் விட்டு விட்டுக் கேட்கும். அதுவும் இல்லை.

அடுத்தது, எனக்கு மிகவும் உதவிய சோதனை. கணினியில் Audacity என்ற இலவச மென்பொருளைத் திறந்து, Generate என்பதில் Chirp எடுத்து, 20 ஹெர்ட்ஸில் தொடங்கி 300 ஹெர்ட்ஸில் முடிகிற 30 விநாடி ஒலியை உருவாக்கினேன். Amplitude இரண்டு இடத்திலும் 0.5 தான். முழு அளவில் பாதிதான் என்பதால் கோப்புக்குள் ஒலி முட்டி உடைய வாய்ப்பே இல்லை. குறைந்த சத்தத்தில் தொடங்கி மெதுவாக ஏற்றுங்கள். இப்படிப்பட்ட வெறும் ஒலி காதைப் பதம்பார்த்துவிடும்.

ஒலி கீழிருந்து மேலே ஏறிக்கொண்டே போனது. 90 ஹெர்ட்ஸ் வாக்கில் வலது பக்கம் ‘ஜ்ர்ர்’ ஆரம்பித்து, 110-ஐத் தாண்டியதும் அடங்கிவிட்டது. மறுபடி ஓட்டினாலும் அதே இடம். வலது கிண்ணத்தின் ஓரத்தை விரலால் அழுத்திப் பிடித்தேன். சத்தம் நின்றது. விட்டதும் திரும்பி வந்தது. உள்ளே ஏதோ ஒன்று பிடிப்பு விட்டு, தன் இயல்பான அதிர்வெண் வரும்போது மட்டும் கூடச் சேர்ந்து ஆடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி வேண்டியதில்லை.

டிரைவரில் அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய சவ்வான டயாஃப்ரம் கிழிந்திருந்தால் கதை வேறு. அழுத்திப் பிடித்தால் பெரிதாக மாற்றம் இருக்காது. ஒரு குறிப்பிட்ட சுருதியில் மட்டும் இல்லாமல், தாழ்ந்த ஒலி எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் படபடக்கும், நடு சத்தத்திலேயே தலைகாட்டும், அந்தப் பக்கம் பேஸும் மெலிந்துவிடும். சில சமயம் தலைமுடி ஒன்று உள்ளே போய் டயாஃப்ரத்தில் உரசினாலும் கிழிசல் போலவே கேட்கும். அதை எடுத்துவிட்டால் போதும், காசே ஆகாது.

இந்த விவரங்களோடு மறுபடி போனேன். இந்த முறை ஹெட்போனை உள்ளே எடுத்துப்போய்விட்டுத் திரும்பி வந்து, “டயாஃப்ரம் கிழிஞ்சிருக்கு. பிசிக்கல் டேமேஜ், வாரண்டி கிடையாது. டிரைவர் மாத்த 3,200 ஆகும்” என்றார்கள். போன முறை “நல்லா இருக்கு” என்ற அதே ஹெட்போன்! கிழிசலைக் காட்டுங்கள், என் கண் முன்னால் குஷனைக் கழற்றுங்கள், படம் எடுத்து ஜாப் ஷீட்டில் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். “அதெல்லாம் ப்ரொசீஜர் இல்லை சார்.” எழுதித் தர மறுத்த அந்த நிமிடமே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். விரலால் அழுத்தும்போது சத்தம் நிற்பதை வீடியோ எடுத்து (போன் மைக்கைக் கிண்ணத்துக்குள் வைத்தாலே பதிவாகும்) பில்லோடு கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கும் அனுப்பினேன். அதன் பிறகுதான் ஹெட்போனை வாரண்டியில் வாங்கிக்கொண்டார்கள். திரும்பி வந்த சீட்டில் இருந்த காரணம்: வலது டிரைவரின் விளிம்பில் ஒட்டு விட்டிருந்தது. கிழிசல் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சோர்ஸ் மேல் தப்பே இருக்காது என்று நான் சொல்லவில்லை. ஈக்வலைசரில் பேஸை 6 டெசிபல் ஏற்றினால் அந்தப் பகுதியின் அலை உயரம் இரண்டு மடங்காகும். பாட்டு ஏற்கெனவே உச்ச அளவில் பதிவாகியிருந்தால் மேலே ஏற இடமில்லை, அலையின் தலை வெட்டுப்படும். அப்போது பெரும்பாலும் இரண்டு காதிலும் கரகரக்கும், எந்த ஹெட்போனை மாட்டினாலும் கரகரக்கும், சுருதியைப் பார்க்காமல் பாட்டு பலமாகும் இடங்களில் வரும். ஈக்வலைசரில் மொத்த அளவைக் கூட்டிக் குறைக்கும் ப்ரீஆம்ப்பை அதே 6 டெசிபல் இறக்கினால் நின்றுவிடும். அதற்கு எந்த டாங்கிளும் தேவையில்லை. அதேபோல வால்யூமை உச்சிக்குக் கொண்டுபோய் ஆழமான பேஸ் போட்டால் சின்ன டிரைவர்கள் தங்கள் எல்லையைத் தொட்டு இரண்டு பக்கமும் திணறும். அதைப் பழுது என்று சொல்லி வாரண்டி கேட்க முடியாது.

ஆகவே கவுன்ட்டரில் நிற்கும்போது ‘சத்தம் கூட்டினால் மட்டும், வலது பக்கம் மட்டும், 90 முதல் 110 ஹெர்ட்ஸுக்குள்’ என்பது போல உங்கள் குறையை ஜாப் ஷீட்டில் எழுத வையுங்கள். அவர்கள் சோதிக்கும்போது அதே சத்தத்தில், அதே கோப்பைப் போடச் சொல்லுங்கள்.

டாங்கிளுக்குக் கொடுத்த 1,800 ரூபாயை மட்டும் இன்னும் தரவில்லை. பெட்டியைப் பிரித்துவிட்டேனாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வசிக்கும் ஊரிலேயே தொடுக்கலாம். பில், இரண்டு ஜாப் ஷீட், வாரண்டிச் சீட்டு, வீடியோ எல்லாவற்றையும் சேர்த்து மனு தயாராகிக்கொண்டிருக்கிறது.