4,32,000 ரூபாய் போனது இத்தனை வருடமாகத் தெரியவில்லை

நேற்று இரவுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் மியூச்சுவல் ஃபண்டில் ஏஜென்ட் கமிஷனால் நான் இழந்தது 4,32,000 ரூபாய். வயிறு எரிகிறது.

2005-ல் அம்மாவின் வயலை விற்ற 4 லட்சத்தை டெபாசிட்டில் போட எங்கள் ஊர் வங்கிக் கிளைக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி காபி வரவழைத்தார், அம்மாவின் உடம்பைப் பற்றி விசாரித்தார். "சார், இதைப் பங்குச்சந்தை ஃபண்டில் போடுங்க, உங்க பொண்ணு கல்யாணத்துக்கு ஆகும். நான் பார்த்துக்கறேன்" என்றார். பென்சிலால் டிக் அடித்துக் கொடுத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். நுழைவுக் கட்டணமாக 2.25 சதவீதம், சுமார் 9,000 ரூபாய், அன்றைக்கே போய்விட்டது. அதை அவர் வாயே திறக்கவில்லை. மிச்சத்துக்கு 18,000 யூனிட் வந்தது.

2013 ஜனவரியில் பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் உத்தரவுப்படி எல்லா ஃபண்டிலும் டைரக்ட் பிளான் வந்தது. அதே ஃபண்ட், அதே பங்குகள். ஏஜென்ட் கமிஷன் மட்டும் கிடையாது. எங்கள் ஃபண்டில் அன்று இரண்டுக்கும் ஒரே விலை. இன்று ஏஜென்ட் வழியாக வாங்கிய என் ரெகுலர் யூனிட் 200 ரூபாய், டைரக்ட் 224. என் 18,000 யூனிட்டை 24 ரூபாயால் பெருக்கிப் பாருங்கள், 4,32,000. வருடத்துக்கு ஒரு சதவீதம்கூட இல்லாத வித்தியாசம் செய்த வேலை இது. இந்தக் கமிஷனும் அடங்கிய ஃபண்டின் செலவு விகிதத்துக்குத் தனியாக பில் வராது. தினமும் அதைக் கழித்த பிறகுதான் யூனிட் விலையையே போடுகிறார்கள். அப்புறம் நமக்கு எப்படித் தெரியும்?

கிளையில் போய்க் கேட்டேன். இப்போதிருக்கும் அதிகாரி, "நாங்க எதுவும் எடுக்கறதில்ல சார், ஃபண்ட் கம்பெனியைக் கேளுங்க" என்றார். அரையாண்டு ஸ்டேட்மென்ட்டில் விநியோகஸ்தர் கமிஷன் 13,900 ரூபாய் என்று அச்சாகியிருந்த வரியைக் காட்டினேன். பேச்சை மாற்றி, "இதை விட்டுட்டு எங்க புது ஃபண்டுக்கு மாறிடுங்க" என்றார். அதுவும் ரெகுலர்தான். மாறினால் ஒரு வருடத்துக்குள் வெளியே வர 1 சதவீத வெளியேறும் கட்டணம். என் 36 லட்சத்துக்கு அது 36,000. ஃபண்ட் கம்பெனிக்குப் போன் போட்டால், "நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்" என்கிறார்கள்.

2013-லேயே சொல்லியிருந்தால் ஒரு பைசா லாப வரியில்லாமல் மாறியிருப்பேன். ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த பங்கு ஃபண்ட் லாபத்துக்கு அப்போது வரி இல்லை. இன்று மாறினால் விற்றதாகக் கணக்கு, 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவீத வரி. அந்த அதிகாரி 2013-க்குப் பிறகும் மூன்று வருடம் அங்கேதான் இருந்தார். ஒவ்வொரு பொங்கலுக்கும் காலண்டர் கொடுத்து அனுப்பினார்.

சரி, அவசரமாகச் சில. ஸ்டேட்மென்ட்டில் ஃபண்ட் பெயருக்குப் பக்கத்தில் ரெகுலர் என்று இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். மாதாமாதம் பணம் போடும் எஸ்ஐபி என்றால் வெளியேறும் கட்டணத்துக்கான அந்த ஒரு வருடம் ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியாகக் கணக்கு, அது தெரியாமல் எடுக்காதீர்கள். மாறுவதற்கு முன் வரியைக் கணக்குப் போடுங்கள். புதிதாகப் போடும் பணத்தையாவது டைரக்டில் போடுங்கள்.

நான் கையெழுத்துப் போட்ட விண்ணப்பத்தின் நகலைக் கேட்டிருக்கிறேன். இன்னும் தரவில்லை. செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் நாளை புகார் கொடுக்கிறேன்.