₹1,40,000 போனது: "ஃபோர்ஸ் மஜூர்" என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போடும் முன் இதைப் படியுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கையின் திருமண வரவேற்பு புதுச்சேரியில் ஒரு கடற்கரைப் புல்வெளியில் நடந்திருக்க வேண்டும். நடந்தது என்னவோ திருப்பாதிரிப்புலியூரில், எங்கள் வீட்டு மொட்டை மாடியில், அவசரத்துக்குப் பிடித்த ஒரு பந்தலுக்குக் கீழே. புல்வெளியும் அரங்கமும் வைத்து விழா நடத்தித் தருகிற ஒரு நிறுவனம் எங்களிடம் ₹1,40,000 முன்பணம் வாங்கிக்கொண்டு, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கையை விரித்துவிட்டது. பெயரை எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருப்பதால் எழுதவில்லை. எழுத ஆசை நிறைய இருக்கிறது.

ஆவணி மாதம் பேசி முடித்தது. மொத்தம் ₹3,50,000, அதில் நாற்பது விழுக்காடு முன்பணம். மேலாளராக இருந்த பெண்மணி என்னை உட்கார வைத்து, டபராவில் காபி கொடுத்து, "நானும் கடலூர்க்காரிதான் அண்ணா, மஞ்சக்குப்பம்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்தேன். பதினோரு பக்க ஆங்கில ஒப்பந்தத்தை அவரே புரட்டிப் புரட்டிக் காட்டினார். கையெழுத்துக்கான இடங்களில் பென்சிலால் சிறு பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார். ஒன்பதாம் பக்கத்தில் "ஃபோர்ஸ் மஜூர்" என்று ஒரு தலைப்பு கண்ணில் பட்டது. கேட்டேன். "பிரெஞ்சு அண்ணா. பூகம்பம், போர் மாதிரி வந்தால் என்று எல்லா ஒப்பந்தத்திலும் போடுகிற வரி" என்று சிரித்தார். அதற்குக் கீழேயே அலங்காரம் பற்றிய பத்தியில் "கார்ட் பிளான்ஷ்" என்று இன்னொன்று இருந்தது. அதைக் கேட்கக் கூச்சமாக இருந்தது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் பிறந்துவிட்டு இதுகூடத் தெரியாதா என்று நினைப்பாரோ என்று பேசாமல் கையெழுத்துப் போட்டேன்.

கார்த்திகை வந்தது, மழையும் வந்தது. புதன், வியாழன் இரண்டு நாளும் நல்ல மழை. புயல் இல்லை, சிவப்பு எச்சரிக்கை இல்லை, பஸ் ஓடியது, கடைகள் திறந்திருந்தன. வெள்ளிக்கிழமை காலை வாட்ஸ்அப்பில் நான்கு வரி வந்தது: புல்வெளியில் தண்ணீர் நிற்கிறது, இது ஃபோர்ஸ் மஜூர், நிகழ்ச்சி ரத்து, முன்பணம் ஒப்பந்தப்படி திருப்பித் தரத்தக்கதன்று.

நான் உடனே அழைத்தேன். "அண்ணா, கூட்டத்தில் இருக்கிறேன்." மாலையில் அழைத்தேன், எடுக்கவில்லை. சனிக்கிழமை வரவேற்பில் இருந்த பையன், "கணக்குப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்" என்றான். அனுப்பினேன். திங்களன்று பதில் வந்தது. அலங்காரப் பொருள் வாங்கிய வகையில் ₹38,000 கழித்துக்கொண்டார்களாம். தேர்வும் செலவும் "கார்ட் பிளான்ஷ்" அடிப்படையில் தங்கள் விருப்பமாம். மீதி ₹1,02,000 ஆறு மாதத்துக்குள் நடத்தும் வேறொரு விழாவுக்கு வரவு வைக்கப்படுமாம். ஆறு மாதத்துக்குள் என் தங்கைக்கு இன்னொரு கல்யாணம் செய்து வைக்கட்டுமா? ₹1,40,000. அப்பாவின் ஓய்வூதியத்திலிருந்து எடுத்த பணம்.

இனி இந்த இரண்டு பிரெஞ்சு வார்த்தைகளைப் பற்றி. இந்த ஐந்து நாளில் நான் வலியோடு கற்றது.

எங்கள் உறவில் ஒருவர் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒப்பந்தத்தை அவரிடம் காட்டினேன். முதலில் உச்சரிப்பைத் திருத்தினார், "ஃபோர்ஸ் மழோர்" என்று. மீறிய வலிமை என்பதுதான் சொற்பொருளாம். "இந்த வார்த்தை எங்கள் பிரெஞ்சுச் சட்டத்தில் இருந்தால் அதற்குக் கையும் காலும் உண்டு, தம்பி" என்றார். 1804-இன் நெப்போலியன் சட்டத் தொகுப்பிலேயே அது இருக்கிறது. 2016-இல் திருத்தியபோது 1218-ஆம் பிரிவில் வரையறையும் எழுதிவிட்டார்கள். நிகழ்ச்சி நம் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருக்க வேண்டும், ஒப்பந்தம் போடும்போது நியாயமாக எதிர்பார்த்திருக்க முடியாததாக இருக்க வேண்டும், தகுந்த முயற்சி எடுத்தும் அதன் விளைவைத் தவிர்க்க முடியாததாக இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான். ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட எழுதாமல் விட்டாலும் பிரான்சில் அந்தப் பிரிவு துணைக்கு வரும்.

நம் நாட்டில் கதையே வேறு. இதை வக்கீல் நண்பர் விளக்கினார். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் அந்தச் சொல்லே கிடையாது. ஆங்கிலேயர் வழி வந்த சட்டத்தில் அது ஒப்பந்தத்தில் எழுதியதால் மட்டுமே உயிர் பெறுகிறது. தலைப்பில் பிரெஞ்சு இருப்பதால் எந்த அதிகாரமும் வராது. அதற்குக் கீழே என்னென்ன நிகழ்ச்சி எழுதியிருக்கிறதோ, அவை வந்தால் என்ன நடக்கும் என்று எழுதியிருக்கிறதோ, அவ்வளவுதான் அதன் எல்லை. அப்படி எழுதிய நிகழ்ச்சி வந்தால் 32-ஆம் பிரிவு பார்க்கும். எதுவும் எழுதாமல் காரியமே நடத்த முடியாததாகிவிட்டால் 56-ஆம் பிரிவு பார்க்கும். கடினமாகிவிட்டது, செலவு கூடிவிட்டது என்பதெல்லாம் போதாது. இந்தோனேசிய நிலக்கரி விலை ஏறிவிட்டது என்று மின் நிறுவனங்கள் இதே வார்த்தையைச் சொல்லி வந்தபோது, 2017-இல் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது.

எங்கள் ஒப்பந்தத்தைப் பிரித்துப் பார்த்தார். 14-ஆம் பத்தியில் புயல், வெள்ளம், நிலநடுக்கம், போர், கலவரம், அரசுத் தடை உத்தரவு என்று ஆறு நிகழ்ச்சிகள். மழை இல்லை! சரி, புல்வெளியில் நின்ற தண்ணீரை வெள்ளம் என்று இழுத்தாலும், நான்காம் பக்கத்துக்குத் திருப்பினார். அங்கே ஒரு வரி: மழை பெய்தால் நிகழ்ச்சி உள்ளரங்கத்துக்கு மாற்றப்படும். அதைப் படித்ததும் அவர் பேனாவை மேசையில் வைத்தார். மழை வரும் என்று எதிர்பார்த்து அதற்கு வழியும் எழுதி வைத்துவிட்டு, அதே மழையைத் தடுக்க முடியாத சக்தி என்று யாரும் சொல்ல முடியாது. வடகிழக்குப் பருவமழைக்காலத்தில் இந்தக் கரையில் மழை எதிர்பாராதது என்று சொன்னால் கடலூரில் மாடுகூடச் சிரிக்கும். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது ராணுவம் படகில் போய் மக்களை மீட்டது. அந்த நாளில் ரத்து செய்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். இது அது இல்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: ஞாயிறு மாலை அந்த அரங்கத்தில் விளக்கு எரிந்தது. என் மைத்துனர் பைக்கில் அந்த வழியாகப் போனபோது பார்த்தார், புகைப்படம் எடுத்தார். வேறு யாரோ வீட்டு விழா.

எனக்கு அதைவிட உறைத்தது அடுத்த விஷயம். உண்மையிலேயே புயல் வந்து ரத்தாகியிருந்தாலும், இந்த வார்த்தை செய்யக்கூடியது நடத்தவில்லை என்பதற்கு நஷ்டஈடு கேட்காமல் அவர்களைக் காப்பது. நம் பணத்தை வைத்துக்கொள்ளும் உரிமையை அது தானாகத் தருவதில்லை. ஒப்பந்தம் செல்லாததாகிவிட்டால் அதன் கீழ் பெற்றதைத் திருப்பித் தர வேண்டும் என்று 65-ஆம் பிரிவு இருக்கிறது. 1953-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு கல்கத்தா மனை வழக்கை நண்பர் சொன்னார். போர்க்காலத்தில் அரசு நிலத்தை எடுத்துக்கொண்டதும், ஒப்பந்தம் முறிந்தது என்று மனை விற்ற நிறுவனம் சொன்னது. நீதிமன்றம் முறியவில்லை என்றது. ஆனால் அந்த நிறுவனம்கூட வாங்கியவரிடம் முன்பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்றுதான் எழுதியிருந்தது. முன்பணம் நூற்றியொரு ரூபாய்! என்னிடம் வாங்கியது ₹1,40,000.

அடுத்து அந்த ₹38,000. "கார்ட் பிளான்ஷ்" என்றால் வெள்ளைத் தாள். பழைய காலத்தில் ஒன்றும் எழுதாத தாளில் கையெழுத்துப் போட்டு, நிபந்தனையை நீயே எழுதிக்கொள் என்று எதிராளியிடம் கொடுப்பார்களாம். ஆசிரியர் இதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! நான் செய்ததும் கிட்டத்தட்ட அதுதானே. ஆனால் சட்டத்தில் இது வரையறுத்த சொல்லே இல்லை. எந்த வேலையோடு ஒட்டி எழுதியிருக்கிறதோ அந்த வேலைக்குள் தேர்வு செய்யும் சுதந்திரம் மட்டும்தான். எங்கள் ஒப்பந்தத்தில் அது "பூ வகை, நிறம், மேடை அமைப்பு" என்ற வரியில் இருக்கிறது. மல்லிக்குப் பதில் சாமந்தி வைக்கலாம்; விலையைக் கூட்டவோ, நடக்காத விழாவுக்குக் கழிக்கவோ அதில் இடம் இல்லை. அலங்காரம் ₹3,50,000-க்குள் அடக்கம் என்று இரண்டாம் பக்கத்திலேயே எண்ணில் இருக்கிறது. ஒப்பந்தத்தை மாற்ற இரண்டு தரப்பும் சம்மதிக்க வேண்டும், ஒருவர் மட்டும் மின்னஞ்சல் அனுப்பி மாற்ற முடியாது. வாங்கிய பொருளுக்குப் பில் கேட்டு மூன்று முறை எழுதிவிட்டேன். நீல டிக் இரண்டும் விழுகிறது, பில் வரவில்லை.

விவரமாக யோசனை சொல்கிறேன் என்று மேலே எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவ்வளவு: பிரெஞ்சோ லத்தீனோ புரியாத வார்த்தை வந்தால் கீழே உள்ள நிகழ்ச்சிப் பட்டியலைப் படியுங்கள், மழை இருக்கிறதா பாருங்கள். "ரத்தானால் முன்பணம் இத்தனை நாளில் திருப்பித் தரப்படும்" என்று ஒரு வரியைக் கையாலாவது எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். "கார்ட் பிளான்ஷ்" இருந்தால் பக்கத்தில் உச்சத்தொகை எழுதச் சொல்லுங்கள். வரவுச் சீட்டை வாங்கிக்கொள்கிறேன் என்று ஒரு வார்த்தைகூட வாட்ஸ்அப்பில் எழுதாதீர்கள். ரத்து செய்தியை அழிக்காதீர்கள்.

அவர்கள் ஒப்பந்தத்தில் வழக்கு புதுச்சேரியில்தான் போட வேண்டும் என்றும் ஒரு பத்தி இருக்கிறது. 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் கடலூரிலேயே மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். அவ்வளவு நாள் நான் காத்திருக்கப் போவதில்லை. நோட்டீஸ் தயார், நாளைக் காலை விரைவுத் தபாலில் போகிறது. அதில் ₹1,40,000 என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதச் சொல்லியிருக்கிறேன். தமிழில்.